பையன் கேமுக்கு அம்மா போடும் இரண்டாவது கையெழுத்து

(உத்தமபாளையத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், சின்னமனூரில் கணினி மையம் நடத்தும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



செல்போன் கேமைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தலைவி அக்கா சொன்னதும் பின்னாடி வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "கேம் ஆடுறதே தப்பு, அதுக்குப் பாதுகாப்பு வேறயா?" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். பிள்ளைகள் ஆடலாமா, எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதை அவரவர் வீட்டில் பேசி முடிவு செய்து கொள்ளுங்கள். நான் பேச வந்தது வேறு. பையன் ஆடுகிற கேமுக்கு உள்ளே போகும் கதவு, நம்ம பெயரில் இருக்கிற ஜிமெயில். திருடன் கேமைத் திருடுவதற்கு முன்னாடி நம்ம ஜிமெயிலைத்தான் திருடுகிறான். அதனால் இது பையன் விஷயம் மட்டும் இல்லை, நம்ம விஷயமும்தான்.

நடந்த கதை

கம்பம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு அக்கா. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காலையில் ஐந்தரை மணிக்கு ஜீப் ஏறி, கம்பம் மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். மகன் ஒன்பதாம் வகுப்பு. 2020-ல் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது ஆன்லைன் வகுப்புக்காகப் பையனுக்கு ஒரு பழைய போன் வாங்கினார். "மெயில் ஐடி வேணும்க்கா" என்று சொல்லி, செல் கடைக்காரரே அக்கா பெயரில் ஒரு ஜிமெயில் போட்டுக் கொடுத்தார். பாஸ்வேர்டு, அக்கா பெயரோடு 123. மீட்பு எண் கேட்ட இடத்தில், அவசரத்துக்குக் கடைக்காரர் தன் நம்பரையே போட்டுவிட்டார்.

அந்த ஜிமெயிலை வைத்துத்தான் பையன் ஃப்ரீ ஃபயர் ஆட ஆரம்பித்தான். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு 54 செயலிகளைத் தடை செய்தபோது ஃப்ரீ ஃபயரும் அதில் போனது. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற இன்னொரு செயலி தடையில் வரவில்லை. இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான். அதனால் பையன்கள் அதே ஜிமெயிலோடு மேக்ஸுக்கு மாறிக்கொண்டார்கள். இவனும் மாறினான். திருவிழாக் காசு, மாமா கொடுத்த காசு என்று எண்பதும் நூறுமாக டைமண்ட் வாங்கிச் சேர்த்தான். டைமண்ட் என்பது அந்த கேமுக்குள் செல்லும் காசு. அதைக் கொடுத்து உடுப்பு, துப்பாக்கிக்கு வண்ணம் எல்லாம் வாங்கலாம். நாலு வருஷத்தில் கிட்டத்தட்ட நாலாயிரம் ரூபாய் அதில் போயிருக்கிறது என்று பிறகு கணக்குப் பார்த்தபோது தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூட்டாளி ஒருவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. "ஆண்டு விழா பரிசு, 5000 டைமண்ட் இலவசம்." தொட்டதும் கேம் படம் போட்ட பக்கம் திறந்தது. "கூகுள் மூலம் உள்ளே வாருங்கள்" என்று இருந்தது. ஜிமெயிலையும் பாஸ்வேர்டையும் அடித்தான். "24 மணி நேரத்தில் வரும், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்றது. அனுப்பினான். அவனுக்கு அனுப்பிய கூட்டாளியும் இப்படி ஏமாந்துதான் அனுப்பியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேம் திறக்கவில்லை. ஜிமெயிலும் திறக்கவில்லை, பாஸ்வேர்டு தப்பு என்றது. பையன் அம்மாவிடம் சொல்ல பயந்து, திங்கட்கிழமை ராத்திரிதான் சொன்னான். செவ்வாய்க்கிழமை அக்கா வேலைக்குப் போகாமல் என்னிடம் வந்தார். "கேம் போனா போகுதும்மா. அந்தப் பொட்டி மெயில்லதான் என் ஆதார் போட்டோ, பேங்க் பாஸ்புக் போட்டோ எல்லாம் இருக்குன்னு பய சொல்றான்" என்று அழுதார். ஸ்கூல் உதவித்தொகைக்காக எடுத்த போட்டோக்கள் எல்லாம் அந்தக் கணக்கிலேயே சேமிப்பாகி இருந்தன.

பூட்டு எங்கே இருக்கிறது?

முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பையன்கள் ஆடும் இந்த மாதிரி கேமில் தனியாக பாஸ்வேர்டு கிடையாது. உள்ளே போகும்போது "கூகுளா, ஃபேஸ்புக்கா?" என்று கேட்கும். எதைத் தொட்டோமோ அந்தக் கணக்குதான் சாவி. ஜிமெயில் யார் கையில் இருக்கிறதோ கேம் அவர் கையில். கேம் கம்பெனிக்கு எழுதிப் போட்டாலும், அந்தப் பாஸ்வேர்டு அவர்களிடம் இல்லை. முதலில் ஜிமெயிலையோ ஃபேஸ்புக்கையோதான் மீட்டாக வேண்டும்.

சில பிள்ளைகள் எதையும் இணைக்காமல் "கெஸ்ட்" என்று ஆடுவார்கள். அந்தக் கணக்கு அந்தப் போனோடு ஒட்டியது. போன் தொலைந்தாலோ, முழுசாக அழித்துச் சரி செய்தாலோ கணக்கும் போய்விடும். அது பாதுகாப்பான வழி என்று நினைக்க வேண்டாம்.

இதைத் திருடி என்ன செய்வான்?

"பொம்மைக்கு உடுப்பு, அதைத் திருடி என்னத்தம்மா பண்ணுவான்?" என்று அந்த அக்காவும் கேட்டார். விற்பான். ஃப்ரீ ஃபயரில் 2018-ல் வந்த சகுரா, ஹிப் ஹாப் போன்ற உடுப்புகள் பழைய கணக்குகளில் இருக்கும். இன்றைக்குக் கடையில் நினைத்தபோது வாங்க முடியாது. அதனால் "பழைய ஐடி" என்றால் பையன்களிடம் கிராக்கி. கணக்கை விற்பது கேம் விதிப்படி தப்பு, ஆனாலும் ரகசியமாக வியாபாரம் நடக்கிறது. உடுப்பைத் தனியாகக் கழற்றி விற்க முடியாது என்பதால் கணக்கையே மொத்தமாகத் தூக்குகிறார்கள்.

இது நம்ம ஊரில் மட்டும் நடப்பது இல்லை. ஸ்டீம் என்ற பெரிய கேம் கடையை நடத்தும் வால்வ் என்ற அமெரிக்கக் கம்பெனி, மாதம் சுமார் 77,000 கணக்குகள் திருடப்படுவதாக 2015 டிசம்பரில் தானே வெளியில் சொன்னது. ஏமாந்தவர்களில் நன்றாக விவரம் தெரிந்த ஆட்டக்காரர்களும் இருந்தார்கள் என்றும் சொன்னது. கேமுக்குள் இருக்கும் பொருளை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம், காசாக்கலாம் என்று ஆனதும் திருட்டு ஒரு தொழிலாகிவிட்டது. அதனால் உங்கள் பையன் ஏமாந்தால் "நீ முட்டாளா?" என்று கேட்காதீர்கள். எதிரில் இருப்பவனுக்கு இது முழு நேர வேலை.

பொய்ப் பக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிள்ளைகளிடம் மூன்று விஷயம் சொல்லி வையுங்கள்.

ஒன்று. டைமண்ட் ஏற்றுவதற்குப் பாஸ்வேர்டு தேவையே இல்லை. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு எண் இருக்கும், யூ.ஐ.டி. என்பார்கள். அது வீட்டுக் கதவு எண் மாதிரி, எல்லோருக்கும் தெரியலாம். டைமண்ட் ஏற்ற அந்த எண் போதும். "உன் ஜிமெயில் பாஸ்வேர்டு கொடு, டைமண்ட் ஏத்தி விடறேன்" என்று யார் கேட்டாலும் அவன் திருடன்.

இரண்டு. அந்தக் கம்பெனி சில சமயம் பரிசுக் குறியீடு கொடுப்பது உண்மை. எழுத்தும் எண்ணும் கலந்து வரும். அதைப் போடும் இடம் `reward.ff.garena.com` என்ற பக்கம். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க் அது இல்லை.

மூன்று. இதுதான் நல்ல அடையாளம். நம்ம போனில் ஏற்கெனவே ஜிமெயில் போட்டிருக்கும்போது, உண்மையான கூகுள் பக்கம் பெரும்பாலும் மறுபடியும் பாஸ்வேர்டு கேட்காது. "இந்தக் கணக்கா?" என்று நம்ம பெயரைக் காட்டும், தொட்டால் போதும். புதுசாக மெயிலையும் பாஸ்வேர்டையும் அடிக்கச் சொன்னால் உடனே நிறுத்திவிட்டு மேலே முகவரியைப் பார்க்க வேண்டும். உண்மையான பக்கம் என்றால் `accounts.google.com` என்று இருக்கும். அதற்கு முன்னாலோ பின்னாலோ வேறு பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் அது பொய்.

இவ்வளவு சொல்லியும் ஒரு நாள் பிள்ளை அவசரத்தில் தப்பு செய்யும். நாமும் செய்வோம். அந்த நாளுக்காகத்தான் இரண்டாவது பூட்டு.

இரண்டு கையெழுத்து

நம்ம குழுவின் வங்கிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஊக்குநர் ஒருத்தர் மட்டும் கையெழுத்துப் போட்டால் பணம் வருமா? வராது. பிரதிநிதியும் போட வேண்டும். காசோலைப் புத்தகம் தொலைந்து, ஒருத்தர் கையெழுத்தை எவனோ காப்பி அடித்தாலும், இன்னொரு கையெழுத்து இல்லாமல் வங்கியில் ஒரு ரூபாய் கிடைக்காது.

டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், தமிழில் இரு படிச் சரிபார்ப்பு என்பதும் அதேதான். பாஸ்வேர்டு முதல் கையெழுத்து. அது நமக்குத் தெரிந்த ஒன்று. தெரிந்ததை ஏமாற்றி வாங்கிவிடலாம். இரண்டாவது கையெழுத்து நம்ம கையில் இருக்கும் பொருள், அதாவது போன். புதுப் போனில் யாராவது நம்ம பாஸ்வேர்டைச் சரியாக அடித்தாலும் கூகுள் கதவைத் திறக்காது. நம்ம போனுக்கு ஆறு இலக்க எண் அனுப்பும், அல்லது "உள்ளே வர முயல்வது நீங்கள்தானா?" என்று திரையில் கேட்கும். அந்தச் சனிக்கிழமை இது போட்டிருந்தால், திருடன் பாஸ்வேர்டை அடித்துவிட்டு வாசலிலேயே நின்றிருப்பான். அக்காவின் போனில் அந்தக் கேள்வி வந்திருக்கும். "இல்லை" என்று தொட்டிருந்தால் வேலை முடிந்தது.

இது எவ்வளவு தாங்கும்? கூகுள் நிறுவனம் இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்த ஆய்வை 2019-ல் வெளியிட்டது. வலை வீசுகிற மாதிரி எல்லோருக்கும் அனுப்பும் பொய்ப் பக்கத் தாக்குதலில், எஸ்.எம்.எஸ். எண் நூற்றுக்கு 96-ஐத் தடுத்தது. திரையில் கேட்கும் கேள்வி 99-ஐத் தடுத்தது. ஒரு ஆளையே குறி வைத்து வருகிறவனிடம் எஸ்.எம்.எஸ். எண் நூற்றுக்கு 76-தான், திரைக் கேள்வி 90. நம்ம பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் முதல் வகை. ஆனாலும் நூற்றுக்கு நூறு இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், காரணம் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று. நாம் இந்தப் பூட்டைப் போடாமல் விட்டால், உள்ளே வந்த திருடன் அவன் போனை வைத்து இதே பூட்டைப் போட்டுவிடுவான். அப்புறம் நாமே வெளியில் நிற்க வேண்டியதுதான்.

போடுகிற முறை

போனை எடுத்துக்கொள்ளுங்கள், பையனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வையுங்கள். கால் மணி நேரம் ஆகும். போனுக்குப் போன் பெயர்கள் கொஞ்சம் மாறும், வரிசை இதுதான்.

முதலில் அமைப்புகள், அதாவது `Settings`. அதில் `Google` என்று இருக்கும். அதைத் தொட்டால் எந்த ஜிமெயில் என்று தெரியும். அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். நம்ம கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தன் ஜிமெயில் பெயர் தெரியாது, அதுதான் முதல் ஓட்டை.

அடுத்து கூகுள் கணக்கை நிர்வகிக்கும் இடத்துக்குப் போய் `Security` என்பதைத் திறங்கள். அங்கே மீட்பு எண் யாருடையது என்று பாருங்கள். கடைக்காரர் நம்பரோ, நின்றுபோன பழைய நம்பரோ இருந்தால் மாற்றி, நீங்கள் இப்போது வைத்திருக்கும் நம்பரைப் போடுங்கள். நாம் விட்டுவிட்ட நம்பர், கொஞ்ச காலம் கழித்து வேறு ஒருவருக்குப் போய்விடும். நம்ம சாவி அவர் கைக்குப் போகிற மாதிரி.

மூன்றாவது, பாஸ்வேர்டை மாற்றுங்கள். பெயரும் 123-ம் வேண்டாம். உங்களுக்கு மட்டும் ஞாபகம் வரும் மூன்று நாலு சொற்களைச் சேர்த்து நீளமாகப் போடுங்கள். ஃபேஸ்புக்குக்கு அதையே போடாதீர்கள். ஒரு இடத்தில் கிடைத்த பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போட்டுப் பார்ப்பதுதான் திருடனின் முதல் வேலை.

நாலாவது, `2-Step Verification` என்பதைத் தொட்டு இயக்குங்கள். உங்கள் நம்பரைக் கேட்கும், கொடுங்கள்.

ஐந்தாவது, அதே பக்கத்தில் உங்கள் கணக்கு எந்தெந்தப் போனில் திறந்திருக்கிறது என்று காட்டும். தெரியாத போன் இருந்தால் அதை வெளியேற்றுங்கள். ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவனைப் புதுப் பூட்டு மட்டும் வெளியே தள்ளாது.

பிள்ளை ஃபேஸ்புக் மூலம் ஆடினால், ஃபேஸ்புக் அமைப்புகளில் `Password and security` என்ற இடத்தில் `Two-factor authentication` என்று இருக்கும். அங்கேயும் இதே வேலை.

வாங்கிய பொருளுக்கு இன்னொரு காவல் உண்டு. பிளே ஸ்டோர் அமைப்புகளில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்க்கச் சொல்லி வைக்கலாம். யூ.பி.ஐ.-க்கு எப்படியும் பின் நம்பர் வேண்டும். ரீசார்ஜ் குறியீடு வாங்கி பிளே ஸ்டோரில் ஏற்றி வைத்த பணத்துக்கு அந்தப் பின் கேட்காது. ஜிமெயில் போனால் அந்தப் பணமும் போகும். அதனால் அங்கே பணம் சேர்த்து வைக்காதீர்கள்.

மலைக்கு மேலே சிக்னல் இல்லையே?

நம்ம பகுதிக்கு உள்ள சிக்கல் இதுதான். அம்மா ஏலத்தோட்டத்தில். போன் அம்மா இடுப்பில். அங்கே டவர் கிடைக்காது. வீட்டில் பையன் வேறு போனில் உள்ளே போக வேண்டும் என்றால் எண் எங்கே வரும்?

முதல் விஷயம், ஒருமுறை சரிபார்த்த போனில் தினமும் கேட்காது. புதுப் போனில் நுழையும்போதுதான் கேட்கும். ஆகவே தினசரித் தொந்தரவு கிடையாது.

இரண்டாவது, அதே `2-Step Verification` பக்கத்தில் `Backup codes` என்று இருக்கும். எட்டு இலக்கத்தில் பத்து எண் கொடுக்கும். சிக்னலே தேவையில்லை. ஒவ்வொன்றும் ஒரே தடவைதான் செல்லும். இதைத் தாளில் எழுதி, குழுப் பாஸ்புக் வைக்கும் இடத்தில் வையுங்கள். போட்டோ எடுத்து அதே போனில் வைக்காதீர்கள். போன் தொலைந்தால் இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

மூன்றாவது, ஆத்தென்டிகேட்டர் என்ற செயலி. முப்பது நொடிக்கு ஒரு எண்ணைப் போனே தயார் செய்யும். டவரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். கம்பம் மெட்டுக்கு மேலேயும் வேலை செய்யும்.

ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். எண் கேட்டுப் பையன் போன் பண்ணினால் போனில் சொல்லாதீர்கள், "சாயங்காலம் வந்து தர்றேன்" என்று சொல்லுங்கள். இன்று பையன் கேட்பான், நாளை பையன் பெயரைச் சொல்லி எவனோ கேட்பான்.

வெற்றுக் காசோலை

நூற்றுக்கு நூறு இல்லை என்றேன் அல்லவா? குழுவில் சில சமயம் ஒரு தப்பு நடக்கும். "வங்கிக்குப் போக நேரமில்லை" என்று பிரதிநிதி நாலு காசோலையில் முன்னாடியே கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார். அப்புறம் இரண்டு கையெழுத்து முறைக்கே அர்த்தம் இல்லை. வந்த எண்ணை அடுத்தவனிடம் சொல்வதும் அதுதான்.

இப்போது சில பொய்ப் பக்கங்கள் பாஸ்வேர்டை வாங்கிய கையோடு "உங்களுக்கு வந்த எண்ணையும் போடுங்கள்" என்று கேட்கின்றன. பின்னால் திருடன் அதே நொடியில் உண்மையான கூகுளில் அதை அடித்துக்கொண்டிருப்பான். எண்ணோடு வரும் செய்தியிலேயே யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இருக்கும், நாம் எண்ணை மட்டும் பார்ப்போம். திரையில் கேள்வி வந்தாலும், வேலை அவசரத்தில் "ஆமாம்" என்று தொட்டுவிடுவோம். நாம் எதிலும் நுழையாத நேரத்தில் அந்தக் கேள்வி வந்தால், பாஸ்வேர்டு வெளியே போய்விட்டது என்று பொருள். "இல்லை" என்று தொட்டு, அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

"டைமண்ட் ஹேக்" என்று வரும் செயலிகளைப் பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து இறக்கினால், அது போனுக்குள்ளேயே உட்கார்ந்து செய்திகளைப் படிக்கக்கூடும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் திருடனுக்கு வாசல் பூட்டு என்ன செய்யும்?

அந்த அக்காவுக்கு என்ன ஆனது?

கணக்கு போய்விட்டால் காலம்தான் முக்கியம். திருடன் மீட்பு எண்ணை மாற்றிவிட்டாலும், பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் ஏழு நாள் வரை தரக்கூடும். அக்கா வந்தது மூன்றாம் நாள். புதுப் போனிலோ என் மையத்துக் கணினியிலோ முயன்றால் கூகுள் நம்பாது. பையன் வழக்கமாக ஆடிய போனிலேயே `g.co/recover` போட்டு முயன்றோம். குறியீடு அனுப்பட்டுமா என்று கடைசி இரண்டு இலக்கத்தைக் காட்டியது. அது அக்கா நம்பர் இல்லை. பையன் யோசித்து, "அம்மா, கடைக்கார அண்ணன் நம்பர்" என்றான். அந்தப் போனையே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். நல்ல வேளை, அவர் அந்த நம்பரை இன்னும் வைத்திருந்தார். அங்கேயே உட்கார்ந்து குறியீட்டைப் போட்டதும் கணக்கு திறந்தது.

ஜிமெயில் வந்தது, போட்டோக்கள் வந்தன, கேம் கணக்கும் வந்தது. சேர்த்து வைத்திருந்த டைமண்ட் ஒன்றுகூட இல்லை. திருடன் செலவழித்திருந்தான். அது திரும்ப வரவே இல்லை. இரண்டாவது பூட்டு களவைத் தடுக்கும், களவு போனதைக் கொண்டுவராது.

ஒரு நம்பர் நின்றுபோயிருந்தால் எல்லாமே போயிருக்கும். அன்றைக்கே கடை வாசலில் உட்கார்ந்து அக்கா நம்பரைப் போட்டு, இரு படிச் சரிபார்ப்பை இயக்கினோம். பத்து எண்ணையும் பையனே அழகாக எழுதி அம்மாவிடம் கொடுத்தான்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

*போலீசில் சொல்லலாமா?*
தாராளமாக. வங்கிப் பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் பேசுங்கள். கணக்குத் திருட்டு மட்டும் என்றால் `cybercrime.gov.in` பக்கத்திலோ, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. வந்த லிங்கை அழிக்காமல் திரைப்படம் எடுத்து வையுங்கள்.

*என் மகன் கணக்கைக் கூட்டாளியோடு சேர்ந்து ஆடுகிறான், பரவாயில்லையா?*
கூட்டாளிக்குப் பாஸ்வேர்டு தெரியும் என்றால் உங்கள் ஜிமெயிலும் அவனுக்குத் திறந்திருக்கிறது. இன்றைக்கே மாற்றி, அவன் போனை வெளியேற்றுங்கள். அவன் நல்ல பையனாக இருக்கலாம், அவன் போன் யார் கைக்குப் போகும் என்று தெரியாது.

*பையன் கேம் கணக்குக்கு வேறு ஜிமெயில் வைக்கலாமா?*
வைப்பது நல்லது. நம்ம ஆதார், பாஸ்புக் போட்டோ இருக்கும் கணக்கு தனி, கேம் கணக்கு தனி. ஆனால் ஏற்கெனவே இணைத்ததை நினைத்த மாதிரி மாற்ற முடியாது. புதுசாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு அப்படிச் செய்யுங்கள். அதிலும் மீட்பு எண் அம்மா நம்பராகவே இருக்கட்டும்.

*பையன் சொல்லாமல் மறைத்தால்?*
அந்த அக்கா வீட்டில் போனது இரண்டு நாள். திட்டு விழும் என்ற பயத்தில் போனது. இன்னும் நாலைந்து நாள் போயிருந்தால் பழைய எண்ணுக்குக் குறியீடு வரும் வழியே அடைபட்டிருக்கலாம். "எது நடந்தாலும் அன்னைக்கே சொல்லு, அடிக்க மாட்டேன்" என்று இன்று ராத்திரியே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தன் ஜிமெயில் பெயரையும், மீட்பு எண் யாருடையது என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள். பாஸ்வேர்டை மட்டும் என்னிடம்கூடச் சொல்லாதீர்கள். பூட்டுப் போடத் தெரியாதவர்களுக்குக் கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.